கத்தும் யூபிஎஸ்: பேட்டரியின் ஆயுளைச் சொல்லும் குண்டு பல்பு

சேலம் செவ்வாய்ப்பேட்டையின் மொத்த வியாபாரக் கடைகள், நாமக்கல்லின் லாரி புக்கிங் ஆபீஸ்கள், ராசிபுரம், திருச்செங்கோடு பக்கத்து ஜெராக்ஸ் கடைகள் என்று கம்ப்யூட்டர் உள்ள இடமெல்லாம் மேசைக்கு அடியில் ஒரு கறுப்புப் பெட்டி கிடக்கிறது. பெரும்பாலும் 600 விஏ யூபிஎஸ். 2012 வாக்கில் சென்னைக்கு வெளியே நாள் முழுக்க மின்வெட்டு வாட்டிய காலத்தில், கம்ப்யூட்டர் வாங்கினால் யூபிஎஸ்ஸும் சேர்த்து வாங்குவது இந்தப் பக்கத்தில் எழுதாத விதியாகிவிட்டது. வெட்டு குறைந்தது, பெட்டி மட்டும் அங்கேயே இருக்கிறது. அதற்குள் ஒரு பேட்டரி இருப்பதே பலருக்கும் அது கத்தத் தொடங்கிய பிறகுதான் நினைவுக்கு வரும்.

கத்தத் தொடங்கியதும் என்ன நடக்கிறது? ஒரு சாரார் உடனே பேட்டரியை மாற்றிவிடுகிறார்கள். இன்னொரு சாரார் தெரிந்த எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு, பெட்டியைத் திறந்து, பஸ்ஸரின் ஒயரை வெட்டிவிடச் சொல்கிறார்கள். முதல் வகையில் வீணாவது ஆயிரம் ரூபாய்க்கு அக்கம்பக்கம். இரண்டாவது வகையில் வீணாவது அதைவிடப் பெரிது. பாதி அடித்த பில், சேமிக்காத கணக்கு, விண்ணப்பத்தின் கடைசிப் பக்கம் எல்லாம் எச்சரிக்கை இல்லாமல் ஒரே நொடியில் போகும். ஹார்ட் டிஸ்க் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் அறுந்தால் டாலி கோப்பே கெட்டுப்போவதும் உண்டு. பஸ்ஸர் அந்தப் பெட்டியின் ஒரே வாய். அதை அடைக்கும் முன் அது எதைச் சொல்கிறது என்று கேட்பதுதான் முறை.

கேட்டுப் பார்த்தால் அது ஒரே சத்தம் அல்ல என்பது தெரியும். கரண்ட் போய் பேட்டரியில் ஓடும்போது இடைவெளி விட்டு பீப் அடிக்கும். ஏபிசி நிறுவனத்தின் சில சிறிய மாடல்களில் அரை நிமிடத்துக்கு ஒரு முறை நான்கு பீப். வேறு நிறுவனங்களில் சில விநாடிக்கு ஒரு பீப். சார்ஜ் தீரப்போகிறது என்றால் பீப்கள் நெருங்கிப் படபடவென்று வரும். தாங்க முடியாத லோடு ஏறினால் நிற்காமல் ஒரே நீளமாக ஊளையிடும். இன்னொன்று, கரண்ட் நன்றாக இருக்கும்போதே சில மணி நேரத்துக்கு ஒரு முறை சிறிது நேரம் கத்திவிட்டு அடங்குவது. பேட்டரியை மாற்றச் சொல்லும் சத்தம் பல மாடல்களில் இப்படித்தான் வரும். கம்பெனிக்குக் கம்பெனி தாளம் மாறும் என்பதால், பெட்டியோடு வந்த சிறு புத்தகத்தைத் தூக்கிப் போடாமல் வைத்திருப்பது நல்லது.

ஒரு ஜெராக்ஸ் கடையை எடுத்துக்கொள்வோம். மே, ஜூன் மாதங்களில், பள்ளி, கல்லூரிச் சேர்க்கை நேரத்தில் கூட்டம் நிற்கும் கடை. ஒரு கம்ப்யூட்டர், ஒரு மானிட்டர், நெட் ரௌட்டர், ஒரு லேசர் பிரிண்டர். நான்கு பிளக்கும் யூபிஎஸ்ஸின் நான்கு துளைகளில் செருகியிருக்கின்றன. பிரிண்ட் கொடுக்கும்போதெல்லாம் யூபிஎஸ் ஊளையிடுகிறது. “பேட்டரி போச்சுங்க” என்று முடிவு கட்டுவார்கள். ஆனால் குற்றவாளி லேசர் பிரிண்டர். காகிதத்தில் மையை உருக்கி ஒட்டும் உருளையைச் சூடாக்க அது சில நொடிகளுக்குப் பல நூறு வாட் இழுக்கும். 600 விஏ என்று எழுதியிருக்கும் பெட்டி உண்மையில் தாங்குவது 360 வாட் அளவுதான். லேசர் பிரிண்டரின் பிளக்கை நேராகச் சுவரில் செருகினால் அந்த ஊளை அன்றே நின்றுவிடும். காசு செலவே இல்லை.

அதே கடையில் இன்னொரு சத்தம். லைட் எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, ஆனால் யூபிஎஸ் டக் டக்கென்று அடித்துக்கொண்டு, கரண்ட் போனது போலவே பீப் கொடுக்கிறது. கிராமப்புற லைனில் மும்முனை மின்சாரம் வந்து கிணற்று மோட்டார்கள் எல்லாம் ஒன்றாக ஓடத் தொடங்கும் நேரத்தில் இது நடக்கும். 230 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் வோல்டேஜ் இறங்கிவிடும். ஓரளவு இறக்கத்தை யூபிஎஸ் தானே தூக்கிச் சரிசெய்துகொள்ளும். அந்த ரிலே மாறும் சத்தம்தான் டக் டக். அதற்கும் கீழே போனால் ‘கரண்ட் இல்லை’ என்று முடிவு செய்து பேட்டரிக்கு மாறிவிடும். கண்ணுக்கு லைட் எரிவது தெரிவதால் கடைக்காரருக்கு அது பெட்டியின் கோளாறாகத் தோன்றும்.

இன்னும் ஒரு குழப்பத்துக்குக் காரணம் இன்வெர்ட்டர். மின்வெட்டுக் காலத்தில் வாங்கிய பழைய இன்வெர்ட்டர்கள் பல, சீரான அலை இல்லாமல் சதுர வடிவ அலையில் மின்சாரம் தருபவை. ஃபேனும் லைட்டும் அதைப் பொறுத்துக்கொள்ளும், யூபிஎஸ் பொறுக்காது. இன்வெர்ட்டர் லைனில் யூபிஎஸ்ஸைச் செருகியிருந்தால், கரண்ட் போன ஒவ்வொரு முறையும் வரும் மின்சாரத்தை ஏற்பதா வேண்டாமா என்று தடுமாறி, பேட்டரிக்கும் லைனுக்குமாக மாறி மாறிக் கத்தும். கொஞ்ச நேரத்தில் பேட்டரியும் காலியாகும். டீசல் ஜெனரேட்டரின் வேகம் நிலையாக இல்லாவிட்டாலும் இதே கதைதான். இவற்றில் புது பேட்டரி போட்டாலும் மறுநாள் அதே கத்தல் தொடரும்.

இவையெல்லாம் இல்லை என்று தெளிந்த பிறகுதான் பேட்டரி மீது சந்தேகம் திரும்ப வேண்டும். 600 விஏ பெட்டிக்குள் இருப்பது வழக்கமாக 12 வோல்ட், 7 ஆம்பியர்-அவர் கொண்ட மூடிய ஈய-அமில பேட்டரி. கடையில் ‘எஸ்எம்எஃப்’ என்று கேட்டால் கொடுப்பார்கள். எக்சைட் பவர்சேஃப், அமரான் குவான்டா என்ற பெயர்களில் கிடைப்பது இதுதான். நீளம் 15 சென்டிமீட்டர், எடை இரண்டு கிலோ. தண்ணீர் ஊற்ற வழி இல்லை. உள்ளே உள்ள ஈரம் குறைந்தால் குறைந்ததுதான்.

அதைக் குறைக்கும் முதல் எதிரி சூடு. இத்தகைய பேட்டரிகளின் ஆயுளைக் கம்பெனிகள் 20 முதல் 25 டிகிரி வெப்பத்துக்குத்தான் கணக்கிட்டுச் சொல்கின்றன. அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது இந்தத் துறையில் எல்லோரும் ஏற்கும் கணக்கு. சித்திரை, வைகாசியில் சேலத்திலும் நாமக்கல்லிலும் பகல் வெயில் 40 டிகிரியை ஒட்டி நிற்கும். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில், மேற்குச் சுவரை ஒட்டி, கம்ப்யூட்டரின் சூட்டுக் காற்று வீசும் இடத்தில் கிடக்கும் பெட்டிக்குள் இன்னும் அதிகம். ஐந்து வருட பேட்டரி இரண்டு, மூன்று வருடத்தில் ஓய்ந்துபோவதற்கு மட்டமான தயாரிப்பைவிட இதுவே பெரிய காரணம். பெட்டியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, வெயில் படாத பக்கம் வைத்தாலே சில மாத ஆயுள் கூடும்.

இரண்டாவது எதிரி, காலியாகக் கிடப்பது. மாதாந்திரப் பராமரிப்புக்காகத் துணைமின் நிலையத்தில் பகல் முழுக்க மின்சாரத்தை நிறுத்தும் நாளில், யூபிஎஸ் கத்திக் கத்தி பேட்டரி தீர்ந்து அணைந்துவிடும். மாலையில் கடையைப் பூட்டும்போது மெயின் சுவிட்சையும் அணைத்துவிட்டுப் போவார்கள். அடுத்து இரண்டு நாள் விடுமுறை. தீர்ந்துபோன ஈய பேட்டரி சார்ஜ் இல்லாமல் கிடந்தால் அதன் தகடுகளில் ஈய சல்ஃபேட் இறுகிப் படியும். பிறகு சார்ஜ் ஏற்றினாலும் பழைய கொள்ளளவு முழுசாகத் திரும்பாது. முன்பக்க பட்டனை அணைத்தாலும் சுவரில் கரண்ட் இருக்கும்வரை பல யூனிட்கள் சார்ஜ் ஏற்றிக்கொண்டேதான் இருக்கும். தீர்ந்துபோன நாளிலாவது இரவு முழுக்க அந்தச் சுவர் சுவிட்சை அணைக்காமல் விடுவது பேட்டரிக்குச் செய்யும் உதவி.

சரி, பேட்டரி போய்விட்டதா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? மல்டிமீட்டரை வைத்துப் பார்த்து “12.7 வோல்ட் இருக்குதுங்க, நல்ல பேட்டரிதான்” என்று சொல்லும் பழக்கம் இருக்கிறது. இது பெரிதும் ஏமாற்றும் சோதனை. சும்மா இருக்கும்போது 12.7 காட்டும் பேட்டரி, லோடு ஏறிய அரை நிமிடத்தில் 10 வோல்ட்டுக்குச் சரியக்கூடும். யூபிஎஸ்ஸிலேயே உள்ள ‘டெஸ்ட்’ பட்டனும் சில நொடிகள்தான் சோதிக்கும். மூன்று நிமிடம் மட்டுமே தாங்கும் பேட்டரியும் அதில் பாஸ் ஆகிவிடும். நம்பத்தக்கது ஒன்றே: தெரிந்த லோடைக் கொடுத்து, எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று கடிகாரம் வைத்துப் பார்ப்பது.

அந்தத் தெரிந்த லோடு நாமக்கல் பக்கத்தில் தாராளமாகக் கிடைக்கும். கோழிப்பண்ணையில் குஞ்சுகளுக்குச் சூடு தர ப்ரூடரில் தொங்கவிடுகிற 100 வாட் குண்டு பல்புதான் அது. எல்இடி பல்பு உதவாது. அது இழுப்பது பத்து வாட்தான். கம்ப்யூட்டரையே லோடாக வைப்பதும் சரிவராது. செய்யும் வேலையைப் பொறுத்து அது இழுக்கும் வாட் ஏறி இறங்கும். கடைசியில் அது திடீரென்று அணைவதும் நல்லதல்ல. குண்டு பல்பு இன்றும் 100 வாட், ஆறு மாதம் கழித்தும் 100 வாட். அதனால் இன்றைய நிமிடத்தையும் அன்றைய நிமிடத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம்.

செய்முறை எளிது. முந்தைய ஒரு நாளாவது கரண்ட் தடைபடாமல் யூபிஎஸ் சார்ஜ் ஏறியிருக்க வேண்டும். கம்ப்யூட்டர், மானிட்டர், ரௌட்டர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, ஹோல்டரில் மாட்டிய பல்பை மட்டும் யூபிஎஸ்ஸின் பேட்டரி துளையில் செருக வேண்டும். சில பெட்டிகளில் ஒன்றிரண்டு துளைகள் பேட்டரியோடு சேராதவை; அவற்றில் செருகினால் கரண்ட் போனதும் பல்பு அணைந்துவிடும், பேட்டரி செத்தது என்று தவறாக நினைக்க நேரும். இப்போது சுவர் சுவிட்சை அணைக்க வேண்டும். பிளக்கைப் பிடுங்கக் கூடாது. பிளக் சுவரில் இருந்தால்தான் எர்த் தொடர்பு அறுபடாமல் இருக்கும். அணைத்த நேரம், பீப் நெருங்கி வரத் தொடங்கிய நேரம், பல்பு அணைந்த நேரம் மூன்றையும் குறித்துக்கொண்டு, உடனே சுவிட்சைப் போட்டுச் சார்ஜ் ஏற விட வேண்டும்.

புது பேட்டரி எத்தனை நிமிடம் தாங்க வேண்டும்? 12 வோல்ட்டை 7 ஆம்பியர்-அவரால் பெருக்கினால் 84 வாட்-அவர். 100 வாட் பல்பு என்றால் 50 நிமிடம் வர வேண்டுமே என்று மனக்கணக்கு சொல்லும். வராது. அந்த 7 ஆம்பியர்-அவர் என்பது பேட்டரியை 20 மணி நேரம் மெதுவாக, மூன்றில் ஒரு பங்கு ஆம்பியர் அளவில் இறக்கினால் கிடைப்பது. பல்புக்காக யூபிஎஸ் இழுப்பதோ 10 ஆம்பியருக்கு அருகில். அவ்வளவு வேகமாக இழுத்தால் ஈய பேட்டரி தன் கொள்ளளவில் பாதியைத்தான் தரும். அதிலும் 12 வோல்ட்டை 230 ஆக மாற்றும்போது ஐந்தில் ஒரு பங்கு சூடாகப் போகும். மிஞ்சுவது சுமார் 35 வாட்-அவர். அதாவது 20 நிமிடத்துக்குச் சற்று முன்பின். புது பெட்டி 20 நிமிடத்தில் அணைந்தால் ஏமாற்றிவிட்டார்கள் என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போக வேண்டியதில்லை.

அந்த முதல் எண்தான் முக்கியம். வாங்கிய வாரத்திலேயே ஒரு முறை இந்தச் சோதனையைச் செய்து, தேதியையும் நிமிடத்தையும் மார்க்கர் பேனாவால் பெட்டியின் மேலேயே எழுதிவிட வேண்டும். பிறகு வருடத்துக்கு இரண்டு முறை போதும்: வெயில் தொடங்கும் முன் மாசியில் ஒன்று, இடி மழை வரும் ஐப்பசிக்கு முன் ஒன்று. அடிக்கடி செய்யக் கூடாது. முழுசாக இறக்கி ஏற்றுவதை இந்த பேட்டரி அதன் ஆயுளில் இருநூறு சொச்சம் முறைதான் தாங்கும்.

நம் ஜெராக்ஸ் கடைப் பெட்டியின் மேல் இப்படி ஒரு கணக்கு எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம். வாங்கியபோது 21 நிமிடம். முதல் மாசியில் 20. அடுத்த மாசியில் 17. அந்தக் கோடை கழிந்து புரட்டாசியில் 9. இறக்கம் ஒரே சீராக இல்லாததைக் கவனிக்க வேண்டும். ஒன்றரை, இரண்டு வருடம் மெதுவாகத் தேயும். ஒரு கட்டத்துக்குப் பிறகு சட்டென்று சரியும். அதனால்தான் பெரிய மையங்களில் மூடிய பேட்டரிகளைப் பராமரிக்கும் பொறியாளர்கள், கொள்ளளவு 80 சதவீதத்துக்குக் கீழே வந்ததுமே மாற்றிவிட வேண்டும் என்ற வரம்பை வைத்திருக்கிறார்கள். 21 நிமிடத்தில் 80 சதவீதம் என்றால் ஏறக்குறைய 17. ஒற்றைக் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் கடை அந்த நாளிலேயே காசைப் போட வேண்டியதில்லை. வேலையைச் சேமித்து அணைக்க ஐந்து நிமிடம் போதும். ஆனால் 17-ஐத் தொட்டதும் அடுத்த கோடையை அது தாண்டாது என்று வைத்துக்கொண்டு பணத்தை ஒதுக்கிவிடலாம். பாதிக்குக் கீழே போய்விட்டால் தள்ளிப்போட இடமில்லை. அன்று 9 நிமிடம் தந்தது இன்னும் இரண்டு மாதத்தில் ஒரு நிமிடம்கூடத் தராமல் போகலாம்.

நிமிடக் கணக்கைப் பார்க்கவே கூடாத நிலை ஒன்று உண்டு. பேட்டரியின் பக்கச் சுவர் உப்பியிருந்தாலோ, பெட்டி கை வைக்க முடியாமல் சுட்டாலோ, அழுகிய முட்டை போன்ற நாற்றம் வந்தாலோ, சோதனை வேண்டாம். பிளக்கைக் கழற்றி, காற்றோட்டமான இடத்தில் வைத்துவிட்டுத் தெரிந்தவரைக் கூப்பிட வேண்டும். உப்பிய பேட்டரி உள்ளேயே இறுகிச் சிக்கிக்கொள்ளும். அதைத் திருப்புளியால் நெம்பினால் கிழிந்து அமிலம் கசியும்.

உப்பாமல் தேய்ந்துபோன பேட்டரியை மாற்றுவது பெரிய வித்தை இல்லை. ஆனால் ஒரு எச்சரிக்கை: இந்தச் சிறிய பெட்டிகள் பலவற்றில் பேட்டரி ஒயர்களுக்கும் 230 வோல்ட் லைனுக்கும் இடையில் முழுத் தடுப்பு கிடையாது. அதனால் பிளக்கைக் கழற்றாமல் பெட்டியைத் திறப்பதோ, ஓடும்போது உள்ளே மீட்டர் முனையை வைப்பதோ உயிருக்கு ஆபத்து. அணைத்து, பிளக்கை எடுத்த பிறகு, பழையதில் சிவப்பு ஒயர் எங்கே இருந்ததோ அங்கேயே புதியதிலும் மாட்ட வேண்டும். கடைசி ஒயரை மாட்டும்போது சின்னப் பொறி பறப்பது இயல்பு. 1000 விஏ வகைப் பெட்டிகள் பலவற்றில் இரண்டு பேட்டரிகள் தொடராக இருக்கும்; ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது புதியதையும் சீக்கிரம் கெடுத்துவிடும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது தயாரிப்புத் தேதி. அலமாரியில் கிடக்கும் பேட்டரியும் தானாகச் சார்ஜ் இழக்கும். இந்தப் பக்கத்து வெயிலில் இன்னும் வேகமாக. ஆறு மாதத்துக்கு மேல் சார்ஜ் ஏற்றாமல் கிடந்தது புதிது என்ற பெயரில் விற்றாலும் பாதி பழசுதான். இங்கே மல்டிமீட்டர் உதவும்: கடையிலேயே வைத்துப் பார்த்து 12.4 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் வேறொன்றைக் கேட்கலாம். அதிக வோல்ட் காட்டுவது நல்ல பேட்டரிக்குச் சாட்சி ஆகாது, ஆனால் குறைவாகக் காட்டுவது கெட்டதற்குச் சாட்சிதான்.

லாரியும் டிராக்டரும் நிறைந்த ஊர்கள் என்பதால் ஒரு குறுக்கு யோசனை அடிக்கடி எழும். வெளியே பெரிய பழைய பேட்டரியை வைத்து, ஒயர் இழுத்து யூபிஎஸ்ஸோடு இணைத்தால் மணிக்கணக்கில் ஓடுமே! ஓடும், அதுதான் சிக்கல். இந்தப் பெட்டியின் மின்மாற்றியும் டிரான்சிஸ்டர்களும் சில நிமிடம் சூடேறித் தாங்கும்படி செய்யப்பட்டவை. ஒரு மணி நேரம் ஓட்டினால் கருகும். உள்ளே இருக்கும் சார்ஜரோ 7 ஆம்பியர்-அவர் பேட்டரிக்கு அளவானது. 100 ஆம்பியர்-அவரை நிரப்ப அதற்கு நாட்கணக்காகும், அதற்குள் அடுத்த வெட்டு வந்துவிடும். மணிக்கணக்கில் ஓட வேண்டும் என்றால் அதற்கென்று செய்த சைன் அலை இன்வெர்ட்டர்தான் வழி.

நல்ல பேட்டரி போட்டு, ஒரு நாள் சார்ஜ் ஏற்றி, பல்பு சோதனையில் 20 நிமிடம் வந்த பிறகும் ‘பேட்டரியை மாற்று’ என்ற கத்தல் தொடர்ந்தால், ஒயர் முனை தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதுவும் சரியென்றால் கோளாறு போர்டில். சார்ஜ் முடிந்த நிலையில் பேட்டரிக்கு 13.5 முதல் 13.8 வோல்ட் வரை கிடைக்க வேண்டும். அதற்கு மேல் போனால் பேட்டரி வெந்துபோகும், கீழே போனால் நிறையவே நிறையாது. இதை அளந்து சொல்வது மெக்கானிக்கின் வேலை. போர்டு போனதென்றால், ரிப்பேர் செலவைப் புதுப் பெட்டியின் விலையோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டே முடிவெடுக்கலாம். அப்போதும் நல்ல பேட்டரியைக் கழற்றி வைத்துக்கொள்வது நஷ்டமில்லை.

கழற்றிய பழைய பேட்டரிக்கும் விலை உண்டு. அதன் எடையில் பெரும்பங்கு ஈயம்; அதனால்தான் புதிது வாங்கும் கடையிலேயே பழையதை எடுத்துக்கொண்டு விலையில் கழித்துக்கொடுக்கிறார்கள். 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளும், பயன்படுத்தியவர் அதை மற்றக் குப்பையோடு கலக்காமல் தனியாக ஒப்படைக்க வேண்டும் என்கின்றன. தெருவில் வரும் பழைய இரும்புக்காரரிடம் போட்டால் அது எங்காவது திறந்தவெளியில் உடைபட்டு, அமிலம் மண்ணில் ஊற்றப்பட்டு, ஈயம் அடுப்பில் உருக்கப்படலாம். அந்தப் புகையை மூச்சிழுக்கும் குழந்தைகளின் மூளை வளர்ச்சியை ஈயம் பாதிக்கும். ஐம்பது, நூறு ரூபாய் கூடக் கிடைத்தாலும் அந்த வழி வேண்டாம். பில் போட்டுத் தரும் பேட்டரிக் கடையில் கொடுத்துவிடலாம்.